இன்சிடென்ட் ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் வரும் மூன்று வாக்கியச் சுருக்கம்: எழுதும் வரிசையும் இடறும் இடங்களும்

பெங்களூரில் எங்கள் டீமில் ஆன்-கால் பார்ப்பவர்கள், அதாவது சேவை தடுமாறினால் முதலில் கவனிக்கும் முறையில் இருப்பவர்கள், அந்தச் சம்பவம் பற்றி எழுதும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டுகள் வெளியே போகும் முன் என் பார்வைக்கு வரும். கோவையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் டைம்லைனை அருமையாக எழுதிவிடுகிறார்கள். மேலே வரவேண்டிய இரண்டு மூன்று வாக்கியத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "அக்கா, பதினோரு பக்கம் எழுதிட்டேன், இந்த மூணு வரிதான் வரமாட்டேங்குது" என்று போன வாரம்கூட ஒரு தம்பி வந்து நின்றான். வராததற்குக் காரணம் பெரும்பாலும் மொழி இல்லை. அந்த வாக்கியங்களுக்குள் போகவேண்டிய நான்கைந்து தகவல்கள் இன்னும் முடிவாகாமல் கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, எழுத உட்காரும் முன் செய்யவேண்டிய வேலை பற்றியது.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். இதில் வரும் எண்கள் விளக்குவதற்காக நான் கட்டியவை. நடந்த விதம் மட்டும் பல இடங்களில் நடப்பதுதான். ஒரு மளிகை ஆர்டர் ஆப். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தைச் சமாளிக்க, ஆர்டர் சர்வீஸின் பாட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் அதன் பிரதிகள், அதிகபட்சம் 8 வரை போகலாம் என்றிருந்ததை 16 என்று உயர்த்துகிறார்கள். ஒவ்வொரு பாடும் டேட்டாபேஸுக்கு 15 கனெக்ஷன் பிடித்து வைத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் ஏற்பது மொத்தம் 200. மற்ற சர்வீஸ்கள் ஏற்கெனவே 40 எடுத்திருக்கின்றன. 8 பாட் இருந்தவரை 120-உம் 40-உமாக 160, தொல்லை இல்லை. கூட்டம் ஏறி பதினோராவது பாட் வந்ததும் தேவை 205. அங்கிருந்து போஸ்ட்கிரெஸ் இப்படிச் சொல்லத் தொடங்குகிறது:

```
FATAL:  sorry, too many clients already
```

ரிப்போர்ட் உங்கள் அலுவலகத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே எல்லாவற்றையும் தமிழில் காட்டுகிறேன். வாக்கியத்துக்குள் எது எந்த வரிசையில் வரவேண்டும் என்பது எந்த மொழியிலும் அதேதான்.

## 1. யார் படிப்பார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முழு ரிப்போர்ட்டைப் படிப்பவர்கள் உங்கள் டீமும் பக்கத்து டீமில் ஓரிருவரும்தான். மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். வாடிக்கையாளர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பார்க்கும் சப்போர்ட் லீட். எவ்வளவு நஷ்டம், யாருக்குப் பணம் திருப்பவேண்டும் என்று பார்க்கும் பிசினஸ் பக்கத்து ஆள். ஆறு மாதம் கழித்து இதே மாதிரி அலர்ட் அடிக்கும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடும் ஆன்-கால்.

இவர்களில் முதல் இருவருக்கும் பாட் என்றால் என்ன என்று தெரியாமல் இருக்கலாம். மூன்றாமவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவர் தேடுவதே அந்தச் சொல்லைத்தான். ஆகவே முதல் வாக்கியத்தை முதல் இருவருக்கும், இரண்டாவதை மூன்றாமவருக்கும் எழுதுங்கள். கடைசி வாக்கியம் எல்லோருக்கும்.

## 2. டைம்லைன் முடியாமல் சுருக்கத்தைத் தொடாதீர்கள்

சுருக்கம் தாளில் முதலில் வருவதால் அதையே முதலில் எழுதத் தோன்றும். அப்படி எழுதினால், சம்பவம் நடந்த இரவில் எல்லோரும் சாட்டில் சொல்லிக்கொண்டிருந்த ஊகம் அதில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு டைம்லைன் வேறொன்றைச் சொன்னாலும் மேலே இருப்பதை யாரும் திருத்துவதில்லை. எங்கள் உதாரணத்தில் முதல் அரை மணி நேரம் எல்லோரும் "பேமென்ட் கேட்வே படுத்துவிட்டது" என்றுதான் நம்பினார்கள், பணம் போய் ஆர்டர் வராத புகார்கள் முதலில் வந்ததால்.

எழுதும் முன் கையில் இருக்கவேண்டியவை நான்கு: வாடிக்கையாளருக்குத் தொல்லை ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும்; எத்தனை பேர், அவர்களால் என்ன செய்ய முடியவில்லை; காரணம், அது உறுதியானதா ஊகமா; இப்போது எது மிச்சம். இவற்றில் ஒன்று இல்லையென்றால் ரிப்போர்ட்டின் உடலுக்குத் திரும்பிப் போய் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

## 3. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இது. அலர்ட் அடித்த நேரத்தையே ஆரம்பமாகப் போட்டுவிடுவார்கள். நம் உதாரணத்தில் அந்த அலர்ட் 15 நிமிட சராசரியைப் பார்ப்பது. இரவு 7:31-க்குத்தான் அடித்தது. ஆர்டர்கள் விழாமல் போனது 7:18-இலிருந்து. சரியானது 8:07-க்கு. அலர்ட்டிலிருந்து எண்ணினால் 36 நிமிடம், உண்மையில் 49. விட்டுப்போன 13 நிமிடம்தான் வாடிக்கையாளர் தவித்துக்கொண்டிருந்தும் நமக்குத் தெரியாமல் இருந்த நேரம். அது சுருக்கத்தில் காணாமல் போனால் அலர்ட்டைத் திருத்தவேண்டும் என்ற பேச்சே எழாது.

இரண்டாவது சிக்கல் நேர மண்டலம். சர்வர் லாக் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும், சாட் இந்திய நேரத்தில் இருக்கும். 13:48 யுடிசி என்பது இரவு 7:18. லாகிலிருந்து ஒரு நேரமும் சாட்டிலிருந்து ஒரு நேரமும் எடுத்து ஒரே வாக்கியத்தில் கலந்தால் ஐந்தரை மணி நேரம் தவறும். அவ்வளவு பெரிய தவறு கண்ணில் பட்டுவிடும் என்று நினைப்போம். நள்ளிரவைத் தாண்டும் சம்பவங்களில் தேதியே மாறிப்போய், படுவதே இல்லை. ஒரே மண்டலத்தில் எழுதி, எது என்பதையும் வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

முடிவு நேரத்துக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். நாம் மாற்றத்தைத் திரும்பப் பெற்ற நேரத்தைப் போடக்கூடாது, அலர்ட் மூடிய நேரத்தையும் போடக்கூடாது. தோல்வி விகிதம் வழக்கமான அளவுக்கு இறங்கிய நிமிடம் எதுவோ அதைப் போடுங்கள்.

## 4. பாதிக்கப்பட்டவர்களை சரியான இடத்திலிருந்து எண்ணுங்கள்

"சில வாடிக்கையாளர்கள்" என்று எழுதினால் சப்போர்ட் லீட் உடனே உங்களைக் கூப்பிடுவார். எண் வேண்டும். ஆனால் எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது.

ஆர்டர் டேபிளில் தோல்வியான ஆர்டர்களைத் தேடினால் இந்தச் சம்பவத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. டேட்டாபேஸோடு கனெக்ஷனே கிடைக்காமல் போன ஆர்டர் அந்த டேட்டாபேஸில் எப்படிப் பதிவாகியிருக்கும்? புதியவர்கள் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு "பாதிப்பு மிகக் குறைவு" என்று எழுதி வருவதுண்டு. உடைந்த பொருள் தன் உடைப்பைத் தானே பதிவு செய்திருக்காது. அதற்கு முன்னால் நின்று ஆப்பின் கோரிக்கைகளை வாங்கும் கேட்வேயின் லாகிலிருந்து எண்ணுங்கள், இது பேமென்ட் கேட்வே இல்லை:

```sql
SELECT count(*) AS failed_attempts,
       count(DISTINCT customer_id) AS customers
FROM gateway_logs
WHERE path = '/orders'
  AND status >= 500
  AND ts >= '2025-03-07 19:18+05:30'
  AND ts <  '2025-03-07 20:07+05:30';
```

நம் உதாரணத்தில் 14,600 முயற்சிகள் தோற்றன, ஆட்கள் 5,900 பேர். ஆர்டர் விழாவிட்டால் மனிதர் சும்மா இருக்கமாட்டார், மறுபடி மறுபடி அழுத்துவார். போதாததற்கு ஆப்பும் தானாக ரிட்ரை செய்யும். சுருக்கத்தில் "14,600 வாடிக்கையாளர்கள்" என்று போனால் சேதம் இரண்டரை மடங்காகத் தெரியும். அதேபோல நிமிடத்துக்கு நிமிடம் தனித்தனி ஆட்களை எண்ணி அதைக் கூட்டாதீர்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து முயன்ற ஒருவர் ஐந்து பேராகிவிடுவார். முழு நேரத்துக்கும் ஒரே தடவையில் எண்ணவேண்டும்.

அடுத்து, பாதிப்புக்குள் இன்னொரு பாதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டர் போட முடியாதவர் வேறு கடைக்குப் போய்விடுவார். பணம் கட்டியும் ஆர்டர் வராதவர் கோபமாக இருப்பார். பேமென்ட் நிறுவனம் தரும் கணக்கையும் ஆர்டர் டேபிளையும் ஒப்பிட்டதில் அப்படி 1,130 பேர். இரண்டையும் ஒரே எண்ணில் கரைக்கக் கூடாது. பிசினஸ் பக்கத்து ஆள் பார்ப்பது இந்த 1,130-ஐத்தான்.

எது பாதிக்கப்படவில்லை என்பதையும், படிப்பவர் இயல்பாகவே பயப்படக்கூடிய விஷயம் என்றால், சொல்லிவிடுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பிரதான டேட்டாபேஸின் தரவு தவறுதலாக அழிக்கப்பட்டது. அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் தொடக்கத்திலேயே இழப்பு எவ்வளவு என்ற மதிப்பீடு இருந்தது: சுமார் 5,000 புராஜெக்ட்கள், 5,000 கமென்ட்கள், 700 புதிய பயனர் கணக்குகள். கூடவே, கோடு ரெபாசிட்டரிகளில் தரவு இழப்பு இல்லை என்பதும் இருந்தது. அந்த ஒரு தகவல் இல்லாமல் இருந்திருந்தால், தங்கள் கோடு போய்விட்டதோ என்றுதான் ஒவ்வொருவரும் முதலில் கேட்டிருப்பார்கள்.

## 5. முதல் வாக்கியம்: எப்போது, எவ்வளவு நேரம், யாருக்கு, என்ன நடக்கவில்லை

இப்போது எழுதலாம். காரணம் இந்த வாக்கியத்தில் வேண்டாம். ஒரு தம்பி கொண்டுவந்த முதல் வடிவம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது:

> ஆர்டர் சர்வீஸின் எச்பிஏ மாற்றத்தைத் தொடர்ந்து கனெக்ஷன் பூல் தீர்ந்ததால் பி1 இன்சிடென்ட் அறிவிக்கப்பட்டு, டீம் உடனடியாகச் செயல்பட்டு 36 நிமிடத்தில் சரிசெய்தது.

இதைப் படித்த சப்போர்ட் லீடுக்கு யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்பதே தெரியாது. பாதி வாக்கியம் காரணம், மீதி நம்மைப் பற்றியது. எச்பிஏ என்றால் பாட் எண்ணிக்கையைத் தானாக ஏற்றி இறக்கும் அமைப்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்காது. பி1 என்ற தீவிர நிலை ரிப்போர்ட்டின் தலைக்கட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே இடத்தை அடைக்கிறது. "உடனடியாக" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் எடுத்துவிடுங்கள், நேரம் எழுதியிருக்கும்போது படிப்பவரே அதை முடிவு செய்துகொள்வார்.

எழுவாயாக வாடிக்கையாளரை வைத்தால் வாக்கியம் தானாக நேராகும்:

> மார்ச் 7 வெள்ளிக்கிழமை இரவு 7:18 முதல் 8:07 வரை (இந்திய நேரம், 49 நிமிடம்) சுமார் 5,900 வாடிக்கையாளர்களுக்கு ஒரு முறையாவது ஆர்டர் தோல்வியடைந்தது; அவர்களில் 1,130 பேரிடம் ஆர்டர் பதிவாகாமலேயே பணம் எடுக்கப்பட்டது.

"ஒரு முறையாவது" என்பதைக் கவனியுங்கள். இந்த 5,900 பேரில் சிலருக்கு இரண்டாவது முயற்சியில் ஆர்டர் விழுந்திருக்கும். அந்தச் சொல் இல்லாவிட்டால் 5,900 பேருமே ஆர்டர் போட முடியாமல் போனார்கள் என்று பொருளாகிவிடும்.

## 6. இரண்டாம் வாக்கியம்: எது தூண்டியது, ஏன் தடுக்கப்படவில்லை

காரணத்தில் இரண்டு அடுக்கு இருக்கும். அன்று மாலை செய்த மாற்றம் ஒன்று. அந்த மாற்றம் இவ்வளவு சேதம் செய்ய இடம்கொடுத்தது இன்னொன்று. முதல் அடுக்கை மட்டும் எழுதினால், மாற்றத்தைச் செய்தவரின் தவறு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். இரண்டாவதை மட்டும் எழுதினால் ஏன் அன்றைக்கு நடந்தது என்பது புரியாது.

2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை 27 நிமிடம் உலகெங்கும் தடுமாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஃபயர்வாலில் சேர்த்த ஒரு விதியில் இருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் சிபியுவை முழுவதுமாகத் தின்றுவிட்டது. "ஒரு தவறான ரெகுலர் எக்ஸ்பிரஷன்" என்று நிறுத்தினால் அது ஒருவர் எழுதிய ஒரு வரி. அந்த விதிகள் படிப்படியாகப் போகாமல் ஒரே நேரத்தில் உலகம் முழுவதற்கும் போகும் ஏற்பாடு இருந்தது என்பதையும் சேர்த்தால்தான் ஏன் எல்லா இடமும் ஒன்றாக விழுந்தது என்று தெரிகிறது.

நம் உதாரணத்துக்கு:

> அன்று மாலை ஆர்டர் சர்வீஸின் பாட் உச்சவரம்பை 8-இலிருந்து 16 ஆக உயர்த்தியிருந்தோம்; கூட்ட நேரத்தில் பாட்கள் 10-ஐத் தாண்டியபோது டேட்டாபேஸ் ஏற்கும் 200 கனெக்ஷன்களும் தீர்ந்தன, வரம்பை உயர்த்தும்போது கனெக்ஷன் கணக்கைச் சரிபார்க்கும் சோதனை எதுவும் இல்லை.

"உயர்த்தியிருந்தோம்" என்று டீமாக எழுதுங்கள். செய்தவரின் பெயர் இங்கே வரக்கூடாது. பெயர் வந்தால் அடுத்த முறை யாரும் டைம்லைனில் உண்மையை எழுதமாட்டார்கள்.

காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்றால் அதைச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். "பாட் எண்ணிக்கை உயர்ந்ததே காரணம் என்று கருதுகிறோம், சோதனைச் சூழலில் இன்னும் மறு உருவாக்கிப் பார்க்கவில்லை" என்று எழுதலாம். ஊகத்துக்கும் உறுதிக்கும் உள்ள வித்தியாசம் வினைச்சொல்லில் தெரியவேண்டும். "இருக்கலாம்", "போலத் தெரிகிறது", "ஒருவேளை" மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குபவர்களும் உண்டு, ஒன்று போதும். எதைச் செய்தால் உறுதியாகும் என்பதைக் கூடவே சொல்லுங்கள்.

ஒரு சின்ன சோதனை: காரண வாக்கியத்தைப் படித்துவிட்டு, "மாற்றம் நடந்தது மாலையில், தொல்லை வந்தது 7:18-க்கு; இடையில் ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். "கூட்ட நேரத்தில் பாட்கள் 10-ஐத் தாண்டியபோது" என்ற சொற்கள் அதற்குப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் இல்லாத காரணம் பெரும்பாலும் பாதிக் காரணம்தான்.

## 7. மூன்றாம் வாக்கியம்: இப்போது என்ன நிலை

"சரிசெய்யப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்தான் இந்த வாக்கியத்தின் எதிரி. தற்காலிகமாக நிறுத்தினோமா, மறுபடி நடக்காதபடி செய்துவிட்டோமா என்று அது சொல்வதில்லை. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்:

> வரம்பை மறுபடி 8 ஆக்கியதும் ஆர்டர்கள் வழக்க நிலைக்கு வந்தன, 1,130 பேருக்கும் மறுநாள் காலை 11:30-க்குள் ரீஃபண்ட் அனுப்பப்பட்டது; கனெக்ஷன் சோதனை இன்னும் சேர்க்கப்படவில்லை, அதுவரை பாட் வரம்பை 8-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கடைசிப் பகுதி மிக முக்கியம். அடுத்த வெள்ளிக்கிழமை வேறு யாரோ, கூட்டம் வருகிறதே என்று, அதே வரம்பை உயர்த்தப் பார்ப்பார்கள். அவர்கள் பத்தாம் பக்கத்தைப் படித்திருக்கமாட்டார்கள்.

ரீஃபண்டில் ஒரு எச்சரிக்கை: நாம் அனுப்பிய நேரமும் வாடிக்கையாளர் கணக்கில் விழுந்த நேரமும் ஒன்றல்ல. நமக்குத் தெரிந்தது அனுப்பிய நேரம் மட்டும் என்றால் "அனுப்பப்பட்டது" என்றே எழுதுங்கள். "பணம் கிடைத்துவிட்டது" என்று எழுதினால் அதை அப்படியே சப்போர்ட்டில் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார்கள்.

மிச்சம் எதுவுமே இல்லாத சிறிய சம்பவமாக இருந்தால் இந்த வாக்கியம் தேவையில்லை. இரண்டே வாக்கியத்தில் நிறுத்தலாம்.

## 8. வெட்டுங்கள்

நான் வெட்டுபவை பெரும்பாலும் இவைதான்: டிக்கெட் எண்கள், உள்ளுக்குள் மட்டும் புழங்கும் சர்வீஸ் செல்லப்பெயர்கள், யார் எப்போது அழைப்பில் சேர்ந்தார்கள் என்பது, முதலில் பேமென்ட் கேட்வே என்று நினைத்த கதை. இவை எல்லாம் டைம்லைனில் இருக்கட்டும். தேடுபவருக்கு உதவும் பிழைச் செய்தியை மட்டும் சுருக்கத்துக்கு அடுத்த வரியில் தனியாக, லாகில் உள்ளபடியே போடுங்கள். வாக்கியத்துக்குள் திணித்தால் முதல் இரண்டு வாசகர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

மூன்று வாக்கியத்துக்குள் அடங்கவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டு சம்பவங்களை ஒரே ரிப்போர்ட்டில் எழுதியிருப்பீர்கள். ஆர்டர் தோல்வி ஒன்று. மறுநாள் ரீஃபண்ட் ஸ்கிரிப்ட் தகராறு செய்தது என்றால் அது இன்னொன்று. பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லிங்க் கொடுங்கள்.

## 9. சரிபார்த்து, பிறகும் திருத்துங்கள்

சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் விரலால் தொட்டு, உடலில் அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். 49, 5,900, 1,130, 200, 8, 16. உடலில் இல்லாத எண் மேலே இருந்தால், ஒன்று அதை உடலில் சேர்க்கவேண்டும், இல்லை மேலிருந்து நீக்கவேண்டும். புதியவர்களோடு உட்கார்ந்து செய்யும்போது ஏதாவது ஒரு எண்ணாவது பொருந்தாமல் போவது வழக்கம்.

அடுத்து சப்போர்ட்டில் இருந்து ஒருவரிடம் சுருக்கத்தை மட்டும் கொடுத்து, "ஒரு வாடிக்கையாளர் போன் போட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் தவறாக இருந்தால் முதல் வாக்கியத்தையோ மூன்றாவதையோ திருத்துங்கள். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

ரிப்போர்ட் வெளியான பிறகும் விஷயங்கள் மாறும். ஒப்பீட்டில் விட்டுப்போன இன்னும் 40 பேர் கிடைப்பார்கள், கனெக்ஷன் சோதனை சேர்க்கப்பட்டிருக்கும். உடலை மட்டும் திருத்திவிட்டு மேலே இருப்பதை மறந்தால், அந்த "8-க்கு மேல் ஏற்ற வேண்டாம்" என்ற எச்சரிக்கை தேவை தீர்ந்த பிறகும் அங்கேயே நின்று இன்னொரு டீமின் வேலையைத் தடுத்துக்கொண்டிருக்கும். சோதனையைச் சேர்க்கும் டிக்கெட்டின் முடிவு நிபந்தனையிலேயே "ரிப்போர்ட்டின் சுருக்கத்தைத் திருத்துவது" என்பதையும் எழுதிவிடுங்கள், திருத்திய தேதியைச் சுருக்கத்தின் அடியில் போடுங்கள்.